திரையின் அடியில் ஓடும் எழுத்து

ஸ்பிரிங்வேலில் ஒரு சமூக மண்டபத்தில், மடிப்புக் கதிரைகளைப் போட்டு, இருபத்திரண்டு நிமிடப் படம் ஒன்றைக் காட்டினோம். எங்கள் பிள்ளைகள் சிலர் சேர்ந்து எடுத்த படம். வசனம் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம், ஓரிடத்தில் வியட்நாமிய மொழி. பல மொழிக்காரர் வரும் விழா ஒன்றுக்கு அனுப்புவதற்கு முன் சொந்தச் சனத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் எண்ணம். ஆங்கில சப்டைட்டில் எழுதும் வேலை என்னுடையது. அது ஒழுங்காகத்தான் ஓடியது.

படம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஓர் அண்ணை என்னிடம் வந்தார். 2009இல் வன்னியில் செல் விழுந்து இரண்டு காதும் கேளாமல் போனவர். எதிரில் நிற்பவரின் வாயைப் பார்த்துக் கதை பிடிப்பார். ஆங்கிலம் அவ்வளவாக வாசிக்க மாட்டார். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அந்த மனிசன் ஏன் தம்பி சாப்பாட்டை விட்டிட்டு எழும்பினவர்?"

படத்தில் அந்த இடத்தில் வசனம் இல்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். வீட்டுக்கு மேலாகப் பொலிஸ் ஹெலி ஒன்று போகும். அவர் கை நிற்கும், எழும்பிச் சுவரோரம் போய் நிற்பார். மனைவியும் மகனும் எதுவும் பேசாமல் தொடர்ந்து சாப்பிடுவார்கள். படத்தின் முழுக் கதையும் அந்த முப்பது வினாடிக்குள்தான் இருக்கிறது. அந்தச் சத்தத்தை நான் எங்கும் எழுதவில்லை. ஆங்கிலம் வாசிப்பவருக்குக் காது கேட்குமே என்று நினைத்திருந்தேன். அந்த மண்டபத்தில் அந்தச் சத்தத்தை யாரையும்விட நன்றாக அறிந்திருந்த ஒருவருக்கு அது போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகுதான் திரையின் அடியில் ஓடும் எழுத்து யாருக்காக எழுதப்பட்டு வந்திருக்கிறது என்று பின்னோக்கிப் பார்க்கத் தொடங்கினேன்.

தமிழ்ச் சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பே பல மொழியில் எழுதியது. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். பெரும்பாலானோர் 1918 என்கிறார்கள், ஓரிரு ஆண்டு முன்னே வைப்பவர்களும் உண்டு. படச்சுருள் இன்று இல்லை. ஆனால் காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்தட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்று மொழியில் இருந்தன என்றும், இந்தி அட்டைகளை எழுதிக் கொடுத்தவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி என்றும் சினிமா வரலாற்றாளர்கள் பதிந்திருக்கிறார்கள். படத்தை எடுத்தவர் மோட்டார் வண்டி வியாபாரத்தில் இருந்தவர், வாடிக்கையாளர் எத்தனை வகை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்துக் கொட்டகைகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அட்டை திரையில் வரும்போது அதை உரக்க வாசித்துக் காட்ட ஓர் ஆள் நிற்பார். எழுத்தறியாத சனத்துக்காக. இன்றைக்குப் பார்வையற்றவர்களுக்குக் காட்சியைச் சொல்லும் ஒலி விவரணை என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு அவரைத் தூரத்து மூதாதை என்று சொல்லலாம். எழுத்தைக் குரலாக மாற்றும் ஆளைக் கொட்டகைக்காரர் தன் கைக்காசைக் கொடுத்து வைத்திருந்தார்.

பிறகு 1931இல் 'காளிதாஸ்' வந்தது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, மற்றவர்களில் பலர் தெலுங்கில் பேசினார்கள். எழுத்தட்டை போயிற்று. சத்தம் வந்தது என்று எல்லாரும் கொண்டாடியபோது செவிப்புலன் இல்லாதவர்களுக்கு அதுவரை திறந்திருந்த ஒரு கதவு சாத்தப்பட்டது. மௌனப்படத்தைக் காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே வரிசையில் இருந்து, ஒரே அளவு விளங்கிப் பார்க்க முடிந்தது. பேசும் படத்தில் அது முடியாமல் போனது. உலகம் முழுக்க இதே கதைதான். நாம் மட்டும் தப்பவில்லை.

இனி ஸ்பிரிங்வேலுக்கு வருவோம். இங்கே 1970இல் என்டர்பிரைஸ் என்ற குடிவரவாளர் விடுதி திறக்கப்பட்டு 1992 வரை இயங்கியது. வியட்நாமியர், கம்போடியர் முதல் எத்தனையோ நாட்டுச் சனம் அந்த விடுதியில் இறங்கித்தான் மெல்பேர்னுக்குள் போனார்கள். இன்றைக்கும் சந்தைப் பக்கம் போனால் முருங்கைக்காயும் கீரையும் வியட்நாமியக் கடையில்தான் வாங்குகிறோம். அந்த விடுதி நிறைந்திருந்த காலத்தில், 1980 ஒக்டோபர் 24 அன்று, சிட்னியிலும் மெல்பேர்னிலும் 0/28 என்ற அலைவரிசையில் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி தொடங்கியது. பல மொழிப் படங்களைக் குரல்மாற்றாமல் மூலக் குரலோடு, ஆங்கில எழுத்தோடு ஒளிபரப்புவது அதன் வழி. அதற்கென்று மொழிபெயர்ப்பாளர்களும் செப்பனிடுபவர்களும் சேர்ந்த ஒரு சொந்தப் பிரிவை வைத்துக்கொண்டது. கீழே எழுத்து ஓடும் படத்தை இருந்து பார்க்கும் பழக்கம் அவுஸ்திரேலிய வீடுகளுக்குள் பெருமளவில் அப்படித்தான் வந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1982இல், அவுஸ்திரேலியன் கேப்ஷன் சென்டர் தொடங்கியது. அது வேறு வேலை. காது கேளாதோருக்கு ஆங்கில நிகழ்ச்சிகளை ஆங்கிலத்திலேயே எழுதிக் கொடுப்பது. தொலைக்காட்சியில் டெலிடெக்ஸ்ட் 801ஆம் பக்கத்தைத் திறந்தால் அந்த எழுத்து வரும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் சிலருக்கு அந்த எண் நினைவிருக்கலாம்.

இரண்டும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில், இரண்டு தண்டவாளமாகப் போனதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, காது கேட்கும் ஆனால் மொழி தெரியாதவருக்கு. மற்றது, மொழி தெரியும் ஆனால் காது கேளாதவருக்கு. தமிழ் தெரிந்து காது கேளாதவர் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே நின்றார். 2010இல் பெரிய நான்கு தியேட்டர் நிறுவனங்கள் அரசோடு இணங்கி, 2014 முடிவதற்குள் 242 திரைகளில் தனியாள் கேப்ஷன் கருவியும் ஒலி விவரணையும் வைப்பதாக ஏற்றுக்கொண்டன. கோப்பை வைக்கும் துளையில் செருகி முகத்துக்கு நேரே வளைத்துக்கொள்ளும் சின்னத் திரை அது. நல்ல காரியம்தான். ஆனால் அதில் ஓடுவது ஆங்கிலம்.

விழாப் படங்களின் கதையில் எங்கள் சனத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் 'தீபன்'. 2015 மே மாதம் கான் விழாவில் தங்கப்பனை வென்ற படம். இயக்கிய ஜாக் ஓடியாருக்குத் தமிழ் தெரியாது. அல்லைப்பிட்டியிலிருந்து போய்ப் பிரான்சில் வாழும் ஷோபாசக்தி, அன்ரனிதாசன் யேசுதாசன் என்ற சொந்தப் பெயரில் நடித்தார். காளீஸ்வரி சிறீனிவாசன் சென்னைக்காரர், ஈழத்தமிழைப் பயின்று பேசினார்.

அந்தப் படத்தில் சப்டைட்டிலுக்கு ஒரு விசித்திரமான வேலை விழுகிறது. பிரான்சில் படம் பார்த்தவருக்குத் தமிழ் வரும்போது அடியில் எழுத்து வரும், பிரெஞ்சு வரும்போது வராது. ஆகவே எழுத்து வந்தால் இவர்கள் தங்களுக்குள் இருக்கிறார்கள், எழுத்து நின்றால் வெளியுலகம் வந்துவிட்டது என்று கண் பழகிவிடும். அதே படம் மெல்பேர்னுக்கு வந்தால் தமிழும் பிரெஞ்சும் ஒரே வெள்ளை ஆங்கில எழுத்தாகின்றன. யாருக்கு யார் சொல்வது விளங்கவில்லை என்பதே கதையாக இருக்கும் படத்தில், பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே அளவாக விளங்கிவிடுகிறது. தீபனுக்குப் பிரெஞ்சுக்காரர் சொல்லும் பகிடிகளின் சொற்கள் விளங்கும், சிரிப்பு மட்டும் வராது. அது மொழியால் இல்லை, உனக்குத் தமிழிலும் பகிடி வராது என்று யாழினி ஒரு காட்சியில் சொல்லிவிடுவாள். இரண்டு மொழியும் ஒரே எழுத்தாய் ஓடும் பிரதியில் அந்தக் குத்து பாதிதான் இறங்கும்.

இதற்கு வழி உண்டு. ஒரு மொழியைச் சாய்வெழுத்தில் விடலாம், நிறம் மாற்றலாம், மொழி மாறும் இடத்தில் ஒரு தடவை மட்டும் மொழியின் பெயரைப் போடலாம். மிக மோசமான வழி, 'வேற்று மொழியில் பேசுகிறார்' என்று எழுதிவிட்டுப் போவது. ஹொலிவூட் படங்களில் எங்களையும் வியட்நாமியரையும் அரேபியரையும் இந்த ஒரே வரியில் அடைத்ததைக் காணாத ஆளில்லை.

எங்கள் படத்தில் அதே சிக்கல் வந்தது. அப்பா வியட்நாமியக் கடைக்குப் போகிறார். கடைக்கார அம்மா உள்ளே திரும்பி, அவர் மொழியில், இந்த மனிதர் எப்போதும் பேரம் பேசிவிட்டு முழுக் காசையும் கொடுத்துவிட்டுத்தான் போவார் என்று சொல்கிறார். அப்பாவுக்கு அது விளங்காது. மொழிபெயர்ப்பதா, விடுவதா? நீண்ட நேரம் வாதாடி, விடுவதென்று முடிவெடுத்தோம். பார்ப்பவர் அப்பாவோடு நிற்க வேண்டும். மண்டபத்துக்கு வந்திருந்த நான்கைந்து வியட்நாமிய அயலவர்கள் மட்டும் அந்த இடத்தில் சிரித்தார்கள். மற்ற எல்லாரும் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். படம் ஒரு நிமிடம் திரையை விட்டு இறங்கி மண்டபத்துக்குள் நடந்தது போல இருந்தது. ஆனால் காது கேளாதவருக்கு, வாய் அசைகிறது, எழுத்து இல்லை என்றால் எழுதுபவர் தவறவிட்டார் என்றுதான் தோன்றும். ஆகவே கேப்ஷன் பிரதியில் 'வியட்நாமிய மொழியில் உள்ளே திரும்பிச் சொல்கிறார்' என்று எழுத வேண்டியிருந்தது. காது கேட்பவருக்கு என்ன விளங்காமல் இருக்கிறதோ, அதே அளவு காது கேளாதவருக்கும் விளங்காமல் இருக்கட்டும். அதற்கு மேலும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம்.

ஆங்கில எழுத்து எப்படி உண்டானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் காசு கொடுத்துச் செய்வித்தோம். தமிழர்கள்தான், ஆனால் ஈழத்தமிழ் காதில் விழாதவர்கள். வந்த கோப்பைத் திறந்தால், மகன் "ஓம்" என்று சொல்லும் இடமெல்லாம் மந்திரம் ஓதுகிறான். "கதைக்காதை" என்று அம்மா அதட்டினால் கதை கட்டாதே என்று வருகிறது. மனைவி புருஷனைப் பார்த்து "இஞ்சேரப்பா" என்றால் தகப்பனை அழைக்கிறாள். அந்தக் கடைசிப் பிழையால் அந்தக் குடும்பத்தின் உறவுமுறையே குழம்பிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டு, எழுத்தை மட்டும், படம் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். யார் யாருக்கு என்ன முறை என்று கேளுங்கள். பதில் பிசகினால் கோப்பு பிசகியிருக்கிறது.

ஆகவே நானே இருந்து எழுதினேன். இந்த வேலையில் மொழிபெயர்ப்பைவிடப் பெரிய எசமான் நேரம். ஒரு வரியில் ஏறக்குறைய 42 எழுத்து, ஒரு தடவைக்கு இரண்டு வரி, எழுத்து திரையில் நிற்பது குறைந்தது ஒரு வினாடி, கூடினால் ஆறேழு வினாடி. வளர்ந்த ஒருவர் படத்தையும் பார்த்துக்கொண்டு வாசிக்க, வினாடிக்குப் பதினைந்து எழுத்து என்று நான் வைத்துக்கொண்டேன். பதினேழுக்குப் போவோரும் உண்டு. கலவையான கூட்டத்தில் ஆங்கிலம் பலருக்கு இரண்டாம் மொழி என்பதால் நான் போகவில்லை.

அம்மா ஓரிடத்தில் மூன்றே வினாடியில் பொரிந்து தள்ளுவார்: "உங்கட அக்கான்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்கு ஆர் ஆர் வந்தவை எண்டு எனக்குத் தெரியாதே?" சொல்லுக்குச் சொல் போட்டால் முதல் வரி. திரையில் போனது இரண்டாவது.

```
Do you think I don't know who came to your sister's daughter's puberty ceremony?
I know who came to your niece's ceremony.
```

முதலாவதில் 80 எழுத்து, ஐந்தரை வினாடி வேண்டும். இரண்டாவதில் 41, மூன்று வினாடிக்குள் அடங்கும். போனது சாமத்தியவீடு. அந்தச் சொல்லை விட்டதற்கு எனக்கு இன்றும் கொஞ்சம் மனக்குறைதான். ஆனால் முந்திய காட்சியில் சுவரில் அந்தப் பிள்ளையின் சேலைப் படம் தொங்குவதைக் கண் பார்த்துவிட்டது. கண் பார்த்ததை எழுத்து திரும்பச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று சின்னச் சொல், பெரிய சங்கடம். அப்பா இரவு வேலைக்கு டண்டினோங் தொழிற்சாலைக்குப் போகும்போதெல்லாம் "போட்டு வாறன்" என்பார். கடைசிக் காட்சியில் "போறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அப்படிச் சொல்லப்படாது என்று வளர்ந்த எந்தத் தமிழருக்கும் அந்த இடத்தில் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். ஆங்கிலத்தில் 'போய்விட்டு வருகிறேன்' என்று விரித்தால் விளக்கவுரை ஆகிவிடும். நேரமும் இல்லை, ஒன்றரை வினாடிக்கும் குறைவு. ஆகவே முதலிலிருந்தே விதைத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. முந்திய மூன்று இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொற்றொடரைப் போட்டுக் காதையும் கண்ணையும் பழக்கிவிட்டு, கடைசியில் மாற்றினேன்.

```
12
00:03:41,200 --> 00:03:42,500
See you.

143
00:20:56,000 --> 00:20:57,400
I'm going.
```

இங்கே பிறந்த ஒரு பிள்ளை, தமிழ் பாதி விளங்குபவள், கடைசி வரியில் தாயின் கையைப் பிடித்ததை நான் பின்வரிசையிலிருந்து கண்டேன். அவளுக்குத் தமிழ்க் காதால் வந்ததா ஆங்கில எழுத்தால் வந்ததா என்று கேட்கவில்லை.

இவ்வளவும் செய்த பிறகுதான் அண்ணையின் கேள்வி. அவருக்குத் தேவை தமிழ்க் கேப்ஷன். ஆங்கிலக் கோப்பைத் தமிழாக்கினால் போதும் என்று முதலில் நினைத்தேன். போதாது. ஆங்கிலம் சுருக்கியது, தமிழ் சுருக்கக்கூடாது. அண்ணை வாயைப் பார்த்துக் கதை பிடிக்கும் ஆள். நடிகரின் உதடு "போறன்" என்று மடியும்போது எழுத்து 'போகிறேன்' என்று நின்றால் கண்ணுக்குள் இரண்டும் முட்டும். ஆகவே பேசியதைப் பேசியபடியே, வட்டார வழக்கிலேயே எழுதினேன். தமிழ்நாட்டு வாசகர் 'வாறன்' என்ற எழுத்தைக் கண்டு ஒரு கணம் தடுக்குவார்தான். தடுக்கட்டும், இது யாருடைய வாய் என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.

பிறகு சத்தங்கள். எல்லாச் சத்தத்தையும் எழுதினால் திரை முழுக்க அடைப்புக்குறியாகிவிடும். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: அந்தச் சத்தத்தால் திரையில் யாராவது எதையாவது செய்கிறார்களா, அல்லது செய்யாமல் விடுகிறார்களா? ஆம் என்றால் எழுது. குளிர்பெட்டியின் முனகல் வேண்டாம், காட்சியிலேயே ஆவி பறக்கும் கேத்தில் வேண்டாம். ஹெலி வேண்டும். பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' போன்ற படத்துக்கு இது எழுதுவதாயிருந்தால் எவ்வளவு கடினம் என்று அப்போது யோசித்தேன். 2024இல் பெர்லின் விழாவுக்குப் போன படம். பின்னணி இசையே கிடையாது. மீனா பெரும்பகுதி வாய் திறப்பதில்லை. ஆட்டோ, காற்று, சேவல் எல்லாம்தான் பேசுகின்றன. 'சோக இசை' என்று எழுதித் தப்பிக்க அங்கே இடமில்லை. எழுதுபவர் ஒவ்வொரு சத்தத்தையும் நியாயப்படுத்தியாக வேண்டும்.

தமிழுக்கு இந்த வேலையில் ஒரு செல்வம் இருக்கிறது. சடசட, கடகட, சலசல, கிறீச். ஒரு சொல்லில் சத்தத்தின் உருவமே வந்துவிடும். முதல் பிரதியில் நான் அதை அள்ளிப் போட்டேன். அண்ணைக்குக் காட்டியபோது ரசித்தார், முப்பது வயதுவரை கேட்ட காது அவருடையது, நினைவில் எல்லாம் இருக்கிறது. ஆனால் பிறவியிலேயே கேளாத ஒரு பெண்ணும் அன்று வந்திருந்தார். 'கடகட' என்றால் தனக்கு ஒன்றுமில்லை, எது கடகடக்கிறது என்று சொல்லுங்கள் என்று எழுதிக் காட்டினார். அதிலிருந்து எல்லா இடத்திலும் முதலில் பொருள், பிறகு வேண்டுமானால் ஒலி. 'தகரக் கூரையில் மழை சடசடக்கிறது' என்றால் இருவருக்கும் சரி.

ஹெலிக்கு வருவோம். எங்கே தொடங்குவது என்பது சொல்லைவிட முக்கியமானது. சத்தம் மிக மெல்லத் தொடங்கி ஏறும். அப்பாவின் கை நிற்பது இரண்டரை வினாடி கழித்து. மகன் தலை நிமிர்வது அதற்கும் பிறகு. நான் முதலில் கை நிற்கும் இடத்தில் எழுத்தை வைத்தேன். அப்போது எழுத்துக்கும் கைக்கும் இடையே இடைவெளி இல்லை, எல்லாம் ஒன்றாக விழுகிறது. மற்றவர்களுக்குக் கேட்கும் முன்பே அவருக்குக் கேட்டுவிட்டது என்ற சேதி போய்விடுகிறது. சத்தம் காதில் விழத் தொடங்கும் பிரேமிலேயே வைத்து, இரண்டாகப் பிரித்தேன்.

```
88
00:13:07,400 --> 00:13:09,600
[தொலைவில் ஹெலி]

89
00:13:14,000 --> 00:13:17,000
[ஹெலி வீட்டுக்கு நேர் மேலே]
```

ஹெலிகொப்டர் என்று முழுதாக எழுதவில்லை. எங்கள் சனம் அதை அப்படிச் சொன்னதில்லை.

இயந்திரப் பக்கம் நாங்கள் பட்ட பாட்டையும் விட முடியாது. தமிழ் வரிகளைத் தட்டெழுத உதவிய மூத்தவர் ஒருவர் பழைய பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்திருந்தார். அவர் கணினியில் தமிழ் என்று தெரிந்தது, திரையில் `jkpo;` என்று வந்தது. யூனிக்கோட்டுக்கு மாற்றி `UTF-8` ஆகச் சேமித்த பிறகு அது தீர்ந்தது. அடுத்து, படத்தில் எழுத்தைப் பதித்த மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, 'கொ' இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வட்டம் தோன்றியது. இதைப் பிடிக்க ஒரு சோதனை வரி வைத்துக்கொண்டேன்: 'கௌரி பொய்கையில் ஸ்ரீதேவியோடு கேணி பார்த்தாள்'. அர்த்தமில்லை, ஆனால் உடையக்கூடிய எழுத்தெல்லாம் அதில் இருக்கிறது. இந்த ஒரு வரி பிழையில்லாமல் வந்தால் மிச்சம் பெரும்பாலும் வரும்.

மென்பொருள் எழுத்தை எண்ணும் முறையும் தமிழுக்கு அநியாயம் செய்கிறது. 'போட்டு வாறன்' என்பதில் நாம் காண்பது ஆறு எழுத்து, ஓர் இடைவெளி. கணினி குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணிப் பன்னிரண்டு என்கிறது. ஆகவே 'வேகம் கூட' என்று வரிக்கு வரி சிவப்புக் காட்டும். அதை நம்பி வெட்டியிருந்தால் பாதி வசனம் போயிருக்கும். நான் சிவப்பைப் பார்க்காமல், வாசிப்பில் நிதானமான ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் கண் வரியின் கடைசிக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தேன்.

விழாவுக்கான பிரதி வந்தபோது இன்னொன்று. முதல் வசனம் சரியாக விழுந்தது, போகப் போக எழுத்து முந்தி முந்தி ஓடி, முடிவில் ஒரு நிமிடத்துக்குக் கிட்ட வித்தியாசம். படம் வினாடிக்கு 24 பிரேமில் எடுத்தது. நான் எழுத வைத்திருந்த பிரதி 25க்கு வேகம் ஏற்றியது, இங்கே தொலைக்காட்சிக்கு அதுதான் வழக்கம். இருபத்திரண்டு நிமிடத்தில் அது 53 வினாடியாகிவிடும். வித்தியாசம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே அளவாக இருந்தால் தொடங்கும் நேரம் பிசகு, முழுக் கோப்பையும் நகர்த்தினால் போதும். வளர்ந்துகொண்டே போனால் பிரேம் வேகம் பிசகு, நகர்த்தினால் தீராது, நேரங்களை 25/24ஆல் பெருக்க வேண்டும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

தியேட்டரில் இருக்கும் தனியாள் கருவியில் தமிழ்க் கேப்ஷனை ஓடவிட முடியுமா என்றும் பார்த்தோம். நாங்கள் சோதித்த கருவியில் ஆங்கிலம் வந்தது, தமிழ் வெற்றிடமாக வந்தது. ஆகவே ஒரே திரையில் இரண்டு எழுத்து: அடியில் ஆங்கிலம், மேலே தமிழ். எல்லாக் காட்சியிலும் இது பொருந்தாது. அப்பாவின் முகம் மேல் விளிம்பில் இருக்கும் இடங்களில் தமிழை ஒரு வரியாகக் குறைத்துப் பக்கத்துக்கு ஒதுக்கினோம். படத்தை எடுத்த பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை, தன் சட்டகம் கெடுகிறது என்றாள். நியாயம்தான். விழாவில் ஒரு காட்சி ஆங்கிலம் மட்டும், ஒரு காட்சி இரண்டும் என்று இணங்கினோம்.

இந்தியாவில் இது இப்போது சட்டத்தின் பக்கம் வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் 'பதான்' படத்துக்கு இணையத் திரை வெளியீட்டின்போது ஒலி விவரணையும் இந்தி கேப்ஷனும் செய்யும்படி டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் தகவல் ஒலிபரப்பு அமைச்சு தியேட்டர்களுக்கான அணுகல் வழிகாட்டியை வெளியிட்டது. தேசிய விருதுக்கும் கோவா விழாவுக்கும் போகும் படங்கள் 2025 தொடக்கத்திலிருந்து இரண்டையும் கொண்டிருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. தமிழ்ப் படம் தமிழிலேயே எழுதப்பட்டு வரும் காலம் இனி வரலாம். அந்தக் கோப்புகளைக் கடல் கடந்த விழாக்களும் கேட்டு வாங்க வேண்டும். படத்தோடு ஆங்கிலக் கோப்பு மட்டும் வருவதே இன்றைய வழக்கம்.

இரண்டாம் காட்சிக்கு அண்ணை முன்வரிசையில் இருந்தார். 88ஆம் வரி வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். எழுத்து தோன்றியதும் அவர் கழுத்து லேசாக மேலே திரும்பியது, அப்பாவின் கை நிற்பதற்கு முன்பே.

முடிந்ததும் வந்து, "சரி தம்பி" என்றார். பிறகு, "ஆனால் அது போட்டுதோ, நிக்குதோ எண்டு நீர் எழுதேல்லை. அந்த மனிசன் திரும்பி வந்து இருக்கிறார். போன பிறகுதானே இருந்திருப்பார்?"

ஒலித்தடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஹெலி தேய்ந்து மறைகிறது, முற்றாக அமைதியாகிறது, அதற்குப் பிறகும் நான்கு வினாடி அவர் நிற்கிறார், பிறகுதான் இருக்கிறார். 90ஆம் வரியை அன்றிரவே சேர்த்தேன்: `[ஹெலி போய்விட்டது]`. அதற்குப் பின் வந்த எண்களையெல்லாம் ஒன்று கூட்ட வேண்டியிருந்தது.